நீ பாடி அனுப்புன பாட்டு கிடைச்சிடுச்சுடா

கண்ணு, நல்லா இருக்கியா. எந்தப் பாட்டுன்னு கேட்டு நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ்ல ரெண்டு வரிதான் தெளிவா இருந்துச்சு, மிச்சமெல்லாம் ஹம்மிங். "தேனை மறந்திருக்கும் வண்டும்", அப்புறம் "மழையை மறந்திருக்கும் பயிரும்". இது பாரதியார் பாட்டுடா, "ஆசை முகம் மறந்து போச்சே". நீ பிடிச்சிருந்தது கடைசிக்கு முந்தின சரணம், அதான் உனக்கு ஆப்புடல, புத்தகத்துக்குப் பின்னாடி இருக்கிற பாட்டு அகராதியில முதல் வரிதானே போடுவாங்க.

எனக்கு முதல்ல இடிச்சது அந்த "மழையை"தான். இந்தப் பாட்டுல ஒவ்வொரு நாலு வரியிலயும் முதல் வரியும் மூணாவது வரியும் ரெண்டாவது எழுத்துல ஒத்துப்போகும், ஸ்கூல்ல எதுகைன்னு படிச்சிருப்பியே. தேனைன்னு ஆரம்பிச்சா அங்க ன வரிசை எழுத்து வரணும், மழையைல அது இல்ல. அடுத்த வரி "வையம்"னு வருதுன்னு உன் முணுமுணுப்புல லேசா கேட்டுச்சு, அப்போ மோனைக்கு வ வேணும். ரெண்டுக்கும் பொருந்துறது "வானை". வானை மறந்திருக்கும் பயிரும், இந்த வையம் முழுதுமில்லை தோழி. உன் ஞாபகத்துல அர்த்தம் நின்னுடுச்சு, சொல்லு மட்டும் மாறிப்போச்சு, மனசுல இருந்து பாடுறவங்க எல்லாருக்கும் நடக்கிறதுதான்.

அப்புறம் தேடும்போது முழு வரியையும் அடிக்காத. ஒரு பதிப்புல சொல்லைச் சேர்த்துப் போட்டிருப்பான், இன்னொண்ணுல பிரிச்சிருப்பான், ஒரு ஸ்பேஸ் மாறினாலும் வராது, அதனால "வானை மறந்திருக்கும்"னு ரெண்டு சொல்லு மட்டும் மேற்கோள் குறிக்குள்ள போட்டுத் தேடு. தலைப்பை வச்சும் தேடாத, கண்ணன் பாட்டுல "கண்ணன் - என் காதலன்"ங்கிற ஒரே தலைப்புல நிறைய பாட்டு வரிசையா இருக்கு, இது அதுல பிரிவாற்றாமைன்னு போட்டிருக்கிறது.

மெட்டு விஷயத்துலதான் நீ குழம்பிடுவ. நீ ஹம் பண்ணது ஜோன்புரி ராகம், கச்சேரியில இந்தப் பாட்டை அதிகமா அதுலதான் கேட்டிருக்கேன். ஆனா புத்தகத்தைத் திறந்தா பாட்டுக்கு மேல ராகம் பிலஹரின்னு இருக்கும். ஐயோ இது வேற பாட்டோன்னு மூடி வச்சிடாத, பாட்டு ஒண்ணுதான், ஜோன்புரி மெட்டு பின்னாடி வந்தவங்க போட்டது. ராகத்தை மட்டும் வச்சுத் தேடினா எத்தனையோ பாட்டு வந்து நிக்கும், வரியை வச்சுக் கண்டுபிடிச்சிட்டு மெட்டை அதுல உட்கார வச்சுப் பாரு, எந்த அசையும் தொங்காம உட்கார்ந்தா சரி. உன்னோடது அப்படியே உட்காருது, நான் பாடிப் பாத்துட்டேன்.

எல்லாரும் எல்லா சரணத்தையும் பாடுறதில்ல, அதனால ரெக்கார்டிங்ல இல்லாததைப் புத்தகத்துல படி. முக்கியமா கடைசி சரணம், பாட்டுல வர்ற காதலி கண்ணனோட வண்ணப் படம்கூட கையில இல்லையேன்னு புலம்புறா பாரு, மறந்துபோச்சேன்னு அவ ஏன் அவ்வளவு பதறுறான்னு எனக்கு அங்கதான் புரிஞ்சுது.

பிலஹரியில யாராச்சும் பாடியிருக்காங்களான்னு தேடிட்டு இருக்கேன், உனக்குக் கிடைச்சா அனுப்புடா.

அம்மா