அட்டைத் தகராறுப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

டர்பனிலும் சாட்ஸ்வொர்த்திலும் உள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்தார் பலர் உங்கள் வங்கியின் கடன் அட்டைகளைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களுடைய மாதாந்தரக் கணக்கு அறிக்கைகளைப் படித்துச் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் என்னிடம் வருவதால், இம்மடலை நான் எழுதுகிறேன்.

எங்கள் உறுப்பினரான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பிப்ரவரியில் இணையக் கடையொன்றில் 3,600 ராண்டுக்குப் பட்டுப்புடவை வாங்கினார். புடவை வரவில்லை. கடை பதில் சொல்லாததால் உங்களிடம் முறையிட்டார். மார்ச் அறிக்கையில் அதே தொகை வரவாக வந்தது. ஏப்ரல் அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மே மாதத்தில் கடையின் பெயரோடு மீண்டும் 3,600 ராண்டு பற்று எழுதப்பட்டிருந்தது. கடை இரண்டாம் முறையாகப் பணம் எடுத்துவிட்டது என்று அவர் நம்பியதில் வியப்பில்லை, ஏனெனில் அந்த வரி புதிய கொள்முதலைப் போலவே அச்சாகியிருந்தது.

உண்மையில் நடந்தது வேறு. மார்ச்சில் வந்தது தற்காலிக வரவுதான். உங்கள் கோரிக்கை கடையின் வங்கிக்குச் சென்றபின், மறுப்புத் தெரிவிக்க விசா அட்டை நிறுவனத்தின் விதிகளில் பொதுவாக 30 நாள் அவகாசம் உண்டு. அந்த இடைவெளியே ஏப்ரலின் மௌனம். கடை, கூரியர் ரசீதொன்றை ஆதாரமாக அனுப்பியது. நீங்கள் தற்காலிக வரவைத் திரும்ப எடுத்துக்கொண்டீர்கள். ஆசிரியையோ அந்தப் பற்றின் மீது புதிய புகார் கொடுத்தார். அது ஏற்கெனவே உள்ள தகராறு என்று நிராகரிக்கப்பட்டது. ரசீதில் இருந்த தெருப்பெயர் அவருடையதே அல்ல. அதைச் சுட்டிக்காட்டி மறுமொழி எழுதியிருந்தால் வழக்கு அடுத்த கட்டத்துக்குச் சென்றிருக்கக்கூடும். ஆனால் அந்த ரசீது அவர் கைக்கு வந்தபோது, மறுமொழிக்கு நீங்கள் வைத்திருந்த கெடு முடிந்துவிட்டது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாடிக்கையாளர் வென்றால் தற்காலிக வரவு அப்படியே நிலைத்துவிடுகிறது. உங்கள் அறிக்கையில் புதிய வரி எதுவும் வருவதில்லை. ஆகவே தகராறு நடந்துகொண்டிருப்பதும் வெற்றியில் முடிந்திருப்பதும் பார்வைக்கு ஒன்றாகவே தெரிகின்றன. தொகை தங்களுடையதாகிவிட்டது என்று எண்ணிச் செலவழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் கவனக்குறைவானவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, வரவு எழுதும்போதே “தற்காலிகம்” என்ற சொல்லையும் தகராறு எண்ணையும் அதே வரியில் அச்சிடுமாறு வேண்டுகிறோம். திரும்ப எடுக்கும்போது, அது புதிய கொள்முதல் அல்ல என்பதையும், வட்டி எந்தத் தேதியிலிருந்து கணக்கிடப்படும் என்பதையும் குறிப்பிடுங்கள். கடையின் ஆதாரத்தை, மறுமொழிக்கான கடைசித் தேதியுடன், அதற்கு முன்பே அனுப்பிவையுங்கள். வெற்றியானாலும் தோல்வியானாலும் இறுதி முடிவை எழுத்தில் தாருங்கள். தேசிய நிதிக் குறைதீர்ப்பு அமைப்பிடம் செல்ல விரும்புவோர் முதலில் வங்கியிடம் முறையிட்டிருக்க வேண்டும் என்பதால், அந்தக் கடிதம் இல்லாமல் எங்கள் மக்கள் நடுவழியில் நிற்கிறார்கள்.

ஆசிரியையின் தகராறை அந்தக் கூரியர் ரசீதின் அடிப்படையில் மறுபரிசீலனை செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் கணக்குப் பொறுப்பாளர், சாட்ஸ்வொர்த்