கடைசி நாள் எது என்று முதலில் கேள்

கோத்தகிரி
5.1.2026

அன்பு நண்பா,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. இங்கே காலை ஒன்பது மணி வரை வெளியே தலைகாட்ட முடியவில்லை. தாழ்வான பள்ளங்களில் உறைபனி பிடித்து, தேயிலைக் கொழுந்து கருக ஆரம்பித்துவிட்டது. உன் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் குன்னூர் எப்படி இருக்கிறது என்று எழுது.

ஜனவரி 31-ஆம் தேதியோடு வேலையை விடுகிறாய், விடைபெறும் மெயிலை எத்தனை நாள் முன்னால் அனுப்புவது என்று கேட்டிருந்தாய். எண்ணிக்கையைச் சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயம். நீ எண்ணத் தொடங்கும் நாளே தவறு. 31-ஆம் தேதி சனிக்கிழமை. அது ரிலீவிங் ஆர்டரில் எழுதப்படும் தேதி மட்டுமே. நீ மேசையில் உட்காரும் கடைசி நாள் 30, வெள்ளி. உன் மெயில் கணக்கு உயிரோடு இருக்கும் கடைசி நேரம் இந்த இரண்டுமே இல்லாமல் வேறாக இருக்கலாம். லேப்டாப்பை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்ட அந்த நிமிடமே சில இடங்களில் கணக்கை மூடிவிடுவார்கள். வெள்ளி மதியம் இரண்டு மணிக்கு அது நடந்தால், மூன்று மணிக்கு அனுப்பலாம் என்று நினைத்திருந்த மெயில் போகவே போகாது. `Schedule send` போட்டு வைத்தாலும் அதே கதிதான், கணக்கு முடங்கினால் அதுவும் அங்கேயே நின்றுவிடும். ஆகவே பின்னோக்கி எண்ண வேண்டியது மெயில் மூடும் நேரத்திலிருந்துதான்.

ஐடி பார்ப்பவரிடம் இந்த வாரமே இரண்டு கேள்வி கேள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு மூடுவீர்கள்? அதன் பிறகு என் முகவரிக்கு வரும் மெயில் யாருக்காவது போகுமா, இல்லை அனுப்பியவருக்கே திரும்பிவிடுமா? இரண்டாவது கேள்வியின் பதில்தான் நீ எவ்வளவு முன்னால் எழுத வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். மெயில் வேறொருவருக்குத் திருப்பிவிடப்படும் என்றால் கொஞ்சம் தாமதித்தாலும் பாதகமில்லை. திரும்பிவிடும் என்றால், பதில் எழுதத் தாமதித்தவர்களுக்கு 'முகவரி இல்லை' என்ற அறிவிப்பு போய்ச் சேரும். அதைப் பார்க்கும் ஃபேக்டரிக்காரர் நீ சண்டை போட்டுவிட்டுப் போனாய் என்று நினைத்தால் தப்பில்லை.

அடுத்தது, இது ஒரே மெயில் இல்லை, இரண்டு. நீ இருப்பது தேயிலையை ஏலத்தில் விற்றுத்தரும் தரகு நிறுவனம். தேயிலை அனுப்பும் ஃபேக்டரிகளுக்கும் வாங்குபவர்களுக்கும் எழுதுவது வேலை மாறுவதைத் தெரிவிக்கும் கடிதம். ஆபீஸில் உள்ளவர்களுக்கு எழுதுவதுதான் விடைபெறுவது. இரண்டையும் ஒரே நாளில் ஒரே வாசகத்தில் அனுப்பினால், வெளியாருக்குத் தாமதமாகிவிடும், உள்ளாருக்கு அவசரமாகிவிடும்.

வெளியாருக்கு 20-ஆம் தேதி, செவ்வாய் காலை பத்து மணிவாக்கில் அனுப்பு. 15-லிருந்து பொங்கல் விடுமுறை. 14-இல் அனுப்பினால் விடுமுறைக் குவியலில் அடியில் போய்விடும். 19, திங்கட்கிழமை, அந்தக் குவியலைத் தள்ளும் நாள். 20-இல் அனுப்பினால் 22-23 ஏலமும் 29-30 ஏலமும் நீ இருக்கும்போதே நடக்கும். இதுதான் முக்கியம். உனக்குப் பதிலாக வருபவர் முதல் ஏலத்தில் உன்னோடு இருந்து பார்ப்பார். இரண்டாவது ஏலத்தை அவரே நடத்த, நீ பக்கத்தில் இருப்பாய். சாம்பிள் மாறிப்போனது, இன்வாய்ஸில் பெட்டி எண்ணிக்கை தவறு, பணம் எந்தக் கணக்குக்கு என்ற குழப்பம், எல்லாம் ஏல வாரத்தில்தான் தலைகாட்டும். ஒரு சுற்றுக்கும் குறைவான அவகாசம் கொடுத்தால் அவை பிப்ரவரியில் வெளியே வரும், பதில் சொல்ல நீ இருக்கமாட்டாய்.

அதற்கும் முன்னால் அனுப்பினால் என்ன கெடும்? பத்தாம் தேதியே தெரிந்துவிட்டால் ஃபேக்டரிகள் உன்னை அழைப்பதை நிறுத்திவிடும். பதிலாக வருபவரிடம் இன்னும் ஒரு கணக்கும் கைமாறியிருக்காது. கேள்வி யாரிடமும் போகாமல் நடுவில் நிற்கும். இதைக் கண்டுபிடிப்பது எளிது: வழக்கமாக உனக்கு வரும் அழைப்பு திடீரென்று உன் மேலாளருக்குப் போகத் தொடங்கும்.

அந்தக் கடிதத்தில் மூன்றே செய்தி போதும்: எந்தத் தேதி வரை நீ, அதன்பின் யார், அவரது எண். ஒன்று மட்டும் மறக்காதே. பிப்ரவரி 5, 6 ஏலத்துக்கான சரக்கு நீ இருக்கும்போதே பட்டியலில் ஏறியிருக்கும், விற்பது நீ போன பிறகு. அந்தச் சரக்குக்கு யார் பொறுப்பு என்று ஒரு வரி தனியாக எழுது. ஃபேக்டரிகளுக்குக் காலையில் அனுப்புவதே நல்லது. மாலையில் இலை வந்து இறங்கும் நேரத்தில் ஆபீஸில் மெயில் பார்க்க ஆள் இருக்காது. பெறுபவர் பெயர்களை `Bcc`-யில் போடு. ஒரு ஃபேக்டரியின் முகவரி இன்னொரு ஃபேக்டரிக்குத் தெரிய வேண்டியதில்லை, எல்லோருக்கும் பதில் என்று யாராவது அழுத்தி ஐம்பது பேருக்கு மெயில் போவதும் தடுக்கப்படும். மேலாளர் முறைப்படி அறிவிப்பதற்கு முன் இதை அனுப்பவே அனுப்பாதே. அவர் தாமதித்தால் 20 தள்ளிப்போகட்டும்.

உள்ளாருக்கு, பொதுவாக நான் சொல்வது கடைசி வேலை நாளுக்கு முந்தின நாள் காலை. கடைசி நாளன்று நீ ஐடி கார்டு, சாவி, லேப்டாப் என்று அலைவாய். பதில் எழுதுபவர்களுக்கு மறுபதில் போட நேரம் இருக்காது, விடுப்பில் இருப்பவருக்கோ சேராது. ஆனால் உன் விஷயத்தில் முந்தின நாள் வியாழன், ஏல நாள். மறுநாளும் ஏலம். மெயிலைத் திறந்து இரண்டு வரி படிக்க யாருக்கும் மனம் இருக்காது. அதனால் ஒரு நாள் முன்னுக்குத் தள்ளி, 28, புதன் காலை பதினொன்றுக்கு அனுப்பு. அன்றே பதில்கள் வரும். விட்டுப்போனவை வியாழன் மாலைக்குள் வந்துவிடும். வாரத் தொடக்கத்தில் வேண்டாம், 26 குடியரசு தின விடுமுறை, 27 அதைச் சமாளிக்கும் நாள்.

வாசகம் இப்படி இருந்தால் போதும் என்று நினைக்கிறேன்:

"வரும் வெள்ளி, 30-ஆம் தேதி, இந்த அலுவலகத்தில் என் கடைசி நாள். கணக்குகளையும் ஃபேக்டரித் தொடர்புகளையும் கைமாற்றிவிட்டேன். சாம்பிள் அறையில் கற்றுக்கொடுத்தவர்களுக்கும், ஏல நாட்களில் இரவு வரை கூட இருந்தவர்களுக்கும் நன்றி. இனி என்னை இந்த எண்ணிலும் இந்த மெயிலிலும் தொடர்பு கொள்ளலாம்."

சொந்த எண்ணும் சொந்த மெயிலும் இதில் கட்டாயம் இருக்கட்டும். வெளியாருக்கான கடிதத்தில் அவை வேண்டாம். வாடிக்கையாளரைக் கூடவே அழைத்துப் போகிறாய் என்று யாராவது சொல்ல இடம் கொடுப்பானேன்? அதே புதன்கிழமை கணக்குப் பிரிவுக்கு மட்டும் உன் சொந்த முகவரியைத் தனியாக எழுதிக் கொடு. ஃபார்ம் 16 ஜூன் நடுவில்தான் வரும், அப்போது ஆபீஸ் மெயில் இருக்காது. பி.எஃப். கணக்கில் இருக்கும் மொபைல் எண் உன்னுடையதுதானா என்பதையும் அன்றே பார்த்துவிடு.

ஐடி ஆள் சொல்லும் நேரம் தெரிந்ததும் எழுது. வியாழன் மாலையே மூடுகிறோம் என்று சொன்னால், 28-ஐ 27-க்குக் கொண்டுவர வேண்டியிருக்கும்.

உன் பழைய நண்பன்