லேசருக்குப் பின் வரும் மூன்றாவது வாரம்

அன்புள்ள கதிருக்கு,

பருத் தழும்புக்கு லேசர் செய்வது பற்றி மருத்துவமனை தந்ததாக நீ அனுப்பிய கட்டண விவரத்தையும் கன்னத்தின் படங்களையும் நிதானமாகப் பார்த்தேன். ஃப்ராக்‌ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர் மூன்று முறை, மொத்தம் 45,000 ரூபாய், இந்த வாரமே முன்பணம் கட்டினால் தள்ளுபடி, ஏழு நாளில் வேலைக்குத் திரும்பலாம் என்று எழுதியிருக்கிறார்கள். தோல் மருத்துவராக நம் நிறத்தவர்களின் முகங்களையே பார்த்து வந்தவள் என்பதால், அந்த ஏழு நாள் கணக்கைப் பற்றித்தான் உனக்கு முதலில் சொல்ல வேண்டும்.

இந்த லேசரின் ஒளியைத் தோலில் உள்ள நீர் உறிஞ்சிக்கொள்கிறது. ஒளி விழுந்த இடம் நொடியில் ஆவியாகி, மயிரிழை அளவுள்ள ஒரு குழி உண்டாகிறது. முகம் முழுவதையும் உரித்துவிடாமல், இப்படிப்பட்ட குழிகளை இடைவெளி விட்டுப் போட்டு, நடுவில் உள்ள நல்ல தோலைக் கொண்டு காயத்தை ஆற்றுவதுதான் ஃப்ராக்‌ஷனல் முறை. முதல் இரண்டு நாள் முகம் வீங்கிச் சிவந்து எரியும். பிறகு மணல் ஒட்டியதுபோல் சொரசொரப்பான பழுப்பு நிறப் பொருக்கு கட்டி, ஐந்து முதல் ஏழு நாளில் உதிரும். அவர்கள் சொல்லும் கணக்கு இதோடு முடிகிறது. வெளுத்த தோலுக்கு அது ஏறக்குறைய பொருந்தும். மாநிறத் தோலில், பொருக்கு உதிர்ந்து முகம் தெளிந்த பிறகு, மூன்றாவது அல்லது நான்காவது வாரத்தில்தான் தொல்லை தலைகாட்டும். வெப்பத்தால் சீண்டப்பட்ட நிறமிச் செல்கள் வழக்கத்தைவிட அதிகமாக மெலனினைச் சுரந்துவிட, லேசர் பட்ட இடமெல்லாம் கருத்துப்போகும். அது மங்குவதற்கு மாதங்கள் பிடிக்கும்.

உன் வயதுள்ள ஓர் இளைஞர் அப்படித்தான் என்னிடம் வந்தார். வேறோர் இடத்தில் லேசர் செய்துகொண்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. இரு கன்னங்களிலும், விளக்கை அருகே கொண்டுபோனால், வரிசை வரிசையாகக் கோலப்புள்ளி வைத்ததுபோல் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன. குழிகளை மிக நெருக்கமாகப் போட்டு, ஒரே இடத்தில் மறுபடியும் மறுபடியும் ஓட்டியிருந்தார்கள். நம் நிறத்தில் லேசரின் ஆழத்தைவிட இந்த நெருக்கமே பெரும்பாலும் கருமைக்குக் காரணமாகிறது. அவரோ மறுவாரமே சன்ஸ்கிரீன் இல்லாமல் பைக்கில் வேலைக்குப் போயிருக்கிறார். நிறம் பழையபடி வர ஐந்து மாதம் ஆயிற்று. தழும்பின் ஆழம் உண்மையிலேயே கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் அந்தக் கருமைக்கு நடுவே அது அவர் கண்ணில் படவேயில்லை.

ஆகையால் உனக்கு மைக்ரோநீட்லிங்கில் தொடங்குவதே சரி என்பது என் முடிவு. அதில் வெப்பம் கிடையாது. நுண்ணூசிகள் மேல்தோலைத் துளைத்துச் செல்கின்றனவே தவிர, அதை எரித்து அகற்றுவதில்லை. அதனால் கருக்கும் அபாயம் முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாவிட்டாலும் மிகவும் குறைவு. முதலில் மரத்துப்போகும் களிம்பைத் தடவி ஒரு மணி நேரம் உட்கார வைப்பார்கள். பிறகு அதைத் துடைத்துவிட்டு, பேனா போன்ற கருவியைக் கன்னத்தில் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் ஆழத்துக்கும், எலும்பு மேலாக இருக்கும் நெற்றியில் அதைவிடக் குறைவாகவும் ஓட்டுவார்கள். ஊசிமுனை அளவு இரத்தத் துளிகள் சீராக அரும்பியதும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஓட்டினால் பலன் கூடாது, காயம்தான் கூடும். இரண்டு நாள் வெயிலில் கருகியதுபோல் சிவந்திருக்கும், மூன்றாம் நாள் லேசாகத் தோல் உரியும். வெள்ளிக்கிழமை மாலை செய்துகொண்டால் திங்கட்கிழமை அலுவலகம் போய்விடலாம். முந்தைய நாளே சவரம் செய்துகொண்டு போ. அதன் பிறகு நான்கு நாள் முகத்தில் பிளேடு படக் கூடாது. நீ பூசும் வைட்டமின் சி சீரத்தையும் அந்த வாரம் தொடாதே. தோலின் மேல் பூசுவதற்காகச் செய்த பொருள் ஊசித் துளை வழியே உள்ளே போய், நீண்ட நாள் ஆறாத கட்டிகளைக் கிளப்பிய சம்பவங்கள் உண்டு. சாதாரண ஈரப்பதக் களிம்பும், மறுநாளிலிருந்து சன்ஸ்கிரீனும் போதும். இணையத்தில் விற்கும் ரோலரை வாங்கி வீட்டில் உருட்டிக்கொள்ளும் எண்ணம் இருந்தால் விட்டுவிடு. தழும்பின் ஆழத்துக்கு அது போகாது, கிருமி மட்டும் போகும்.

எந்தக் கருவி என்பதற்கு முன், எந்தத் தழும்பு என்று பார்க்க வேண்டும். கண்ணாடி முன் நின்று, பக்கத்து ஜன்னல் வெளிச்சம் படும்படி வைத்துக்கொண்டு, கன்னத்தை இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பார். இழுத்ததும் மறைகிற அலை போன்ற பள்ளங்களே உனக்கு அதிகம் என்று படத்தில் தெரிகிறது. அவற்றை அடியிலிருந்து நார் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். ஓர் ஊசியை உள்ளே செலுத்தி அந்த நாரை அறுத்துவிடும் சப்சிஷனை மைக்ரோநீட்லிங்கோடு சேர்த்துச் செய்தால்தான் மேடேறும். மூக்கின் ஓரத்தில் குண்டூசியால் குத்தியதுபோல் இருக்கும் நான்கைந்து ஆழ்துளைகளுக்கு ஊசியும் லேசரும் பெரிதாக உதவாது. அடர்த்தியான ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தைக் குச்சி முனையால் அந்தத் துளைக்குள் மட்டும் தொட்டு வைப்பதுதான் அவற்றுக்கு வைத்தியம். உனக்கு வந்த விவரத்தில் இவை இரண்டுமே இல்லை என்பதே அந்தத் திட்டத்தில் எனக்குள்ள பெரிய குறை.

செலவையும் சொல்லிவிடுகிறேன். பெருநகரங்களில் மைக்ரோநீட்லிங்குக்கு ஒரு முறைக்கு ஏறக்குறைய 3,000 முதல் 6,000 ரூபாய் வாங்குகிறார்கள். ஒரு மாத இடைவெளியில் நான்கு முறை என்று வைத்தால், அதற்கே 12,000 முதல் 24,000 ரூபாய் வரை ஆகும், சப்சிஷனும் சேர்ந்தால் இன்னும் கூடும். அழகுக்கான சிகிச்சை என்பதால் காப்பீட்டில் கிடைக்காது. ஆனால் மொத்தமாகக் கட்டாதே. ஒவ்வொரு முறையும் தனித்தனியாகக் கட்டினால், இரண்டாவது முறைக்குப் பிறகு முகம் கருக்கத் தொடங்கினாலோ பிடிக்காமல் போனாலோ நிறுத்திக்கொள்ளலாம்.

பலனைப் பொறுத்தவரை, பள்ளங்களின் ஆழம் பாதியளவு குறைந்தால் அது நல்ல பலன். முற்றிலும் வழுவழுப்பான முகம் எந்த முறையிலும் வராது. செய்த முதல் வாரத்தில் கன்னம் நிறைந்து தெரிவது வீக்கத்தால்தான், அதைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, வீக்கம் வற்றியதும் மனம் தளராதே. பள்ளத்தை உள்ளிருந்து நிரப்பும் புதிய கொலாஜன் ஊற மாதங்கள் ஆகும். கடைசி முறைக்கு மூன்று மாதம் கழித்து, அதே ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படத்தை இன்றைய படத்தோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

அதற்குப் பிறகும் லேசர் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் நான் தடுக்க மாட்டேன். தாடைக்குக் கீழே ஒரு சிறிய இடத்தில் மட்டும் முதலில் செய்யச் சொல்லி, ஆறு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போகலாம். கருவியைப் பிடிக்கப்போவது தோல் மருத்துவர்தானா என்று கேட்டுக்கொள். வாயோரத்தில் உனக்கு அவ்வப்போது வரும் அக்கிக் கொப்புளத்தையும், முன்பு பருவுக்கு எடுத்த ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையையும் மறக்காமல் அவரிடம் சொல்.

தாடையில் இப்போது சிவந்திருக்கும் இரண்டு பருக்களும் வற்றும்வரை எதையும் தொடங்க வேண்டாம், முன்பணமும் கட்ட வேண்டாம். அவை அமுங்கியதும், மேலே சொன்னபடி பக்க வெளிச்சத்தில் இரு கன்னங்களையும் படமெடுத்து அனுப்பு. உன் ஊரில் யாரிடம் போகலாம் என்று நான் விசாரித்து வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா