அம்மாச்சியும் கிராண்ட்மதர்தான், அப்பத்தாவும் கிராண்ட்மதர்தான்: சக பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பொறியியல் கல்லூரிகளில் கிளாஸ் அட்வைசராகவும் துறைத்தலைவராகவும் தேர்வுக் குழுவிலும் இருக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். நானும் உங்களில் ஒருத்திதான். போன வருடம் இரவு பதினொன்றே முக்காலுக்கு எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. சப்ஜெக்ட் காலி. நான்கே வரி ஆங்கிலம், தமிழில் சொன்னால் இப்படி வரும்: "மதிப்பிற்குரிய மேடம், என் பாட்டி இன்று மாலை இறந்துவிட்டார். ஊருக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன். நாளைக் காலை இன்டர்னல் எழுத முடியாது. தயவுசெய்து வேறு தேதி கொடுங்கள்."

காலையில் பார்த்துவிட்டு நான் அனுப்பிய பதில் ஒரே வரி: இறப்புச் சான்றிதழுடன் ஹெச்.ஓ.டி.யைப் பார்க்கவும். கல்லூரி வழக்கம் அதுதான். அதைத் தட்டச்சு செய்தபோது என் மனதில் ஓடியதையும் மறைக்கவில்லை. போன செமஸ்டரிலும் இதே பையன் 'கிராண்ட்மதர்' இறந்துவிட்டதாக எழுதியிருந்தான். ஸ்டாஃப் ரூமில் சொன்னேன், சிரித்தோம். "இன்னும் எத்தனை பாட்டிடா ஸ்டாக் இருக்கு?" என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த ஜோக். நம் ஊர் ஜோக் மட்டுமல்ல. கனெக்டிகட்டில் மைக் ஆடம்ஸ் என்ற உயிரியல் பேராசிரியர், தேர்வு நெருங்க நெருங்கப் பாட்டிகள் கூடுதலாகச் சாகிறார்கள் என்று 1990-ல் நையாண்டிக் கட்டுரையே எழுதினார்.

அந்தப் பையன் மானாமதுரைப் பக்கம். போன செமஸ்டரில் இறந்தது அப்பத்தா, அப்பாவைப் பெற்றவர். இந்த முறை அம்மாச்சி. வீட்டில் யாரும் இரண்டு பேரையும் ஒரே சொல்லால் கூப்பிடுவதில்லை. அம்மாச்சியின் தங்கை இறந்தாலும் சின்ன அம்மாச்சி என்றுதான் சொல்வான். மடல் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று நாம்தான் பழக்கியிருக்கிறோம். அங்கே எல்லோரும் 'கிராண்ட்மதர்' ஆகிவிடுகிறார்கள். மூன்றாவது கிராண்ட்மதர் என்று நாம் எண்ணுகிறோம்.

கணக்கும் அவ்வளவு சந்தேகத்துக்கு இடம் தருவதில்லை. வகுப்பில் 60 பேர். ஆளுக்கு இரண்டு தாத்தா பாட்டி உயிரோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், 120 முதியவர்கள். வருடத்துக்கு இருபதில் ஒருவர் போனாலும் ஆறு சாவு, செமஸ்டருக்கு மூன்று. செமஸ்டர் முழுக்க நாம் ஏதாவது டெஸ்ட் வைத்துக்கொண்டேதான் இருக்கிறோம். ஒன்று அதன்மேல் விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இப்போது சான்றிதழுக்கு வருகிறேன். இறப்பைப் பதிவு செய்ய 1969-ம் ஆண்டுச் சட்டம் 21 நாள் கொடுக்கிறது. கிராமத்தில் வீட்டில் நடந்த சாவு என்றால் வி.ஏ.ஓ.வைத் தேடிப் போக வேண்டும். பால் தெளித்து, உறவு கலைந்து, யாராவது ஒரு மாமா அதற்காக ஒரு நாளை ஒதுக்க வேண்டும். நம் பையனுக்குச் சான்றிதழ் கிடைக்கப் பன்னிரண்டு நாள் ஆனது. நான் கேட்டதோ அன்றைக்கே.

அதை வாங்கி வந்த பிறகுதான் பெரிய கூத்து. ஹெச்.ஓ.டி. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல உன் பேரு எங்கப்பா இருக்கு?" என்றார். இருக்காது. இறந்தவர் பெயர், கணவர் பெயர், முகவரி, தேதி எல்லாம் இருக்கும். பேரன் பெயருக்கு அதில் கட்டமே கிடையாது. ரேஷன் கார்டும் உதவவில்லை, அம்மாச்சி மாமா வீட்டுக் கார்டில் இருந்தார். இத்தனை வருடமாக நாம் கேட்டு வாங்கி ஃபைலில் குத்தி வைத்த அந்தத் தாள், யாரோ ஒருவர் இறந்ததைச் சொல்லுமே தவிர, அவர் நம் மாணவனின் பாட்டி என்பதைச் சொல்லாது.

அப்போது அவன் போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினான். தெருமுனையில் கட்டிய கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். நடுவில் அம்மாச்சி படம், கீழே மகன்கள், மகள்கள், மருமக்கள், கடைசி வரியில் பேரன் பேத்திகள். அதில் நான்காவதாக அவன் பெயர், பக்கத்தில் பி.இ. என்றும் போட்டிருந்தது. டிகிரியை நாங்கள் கொடுக்கும் முன்பே ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கொடுத்துவிட்டார். பெயர், உறவு, தேதி, ஊர் எல்லாம் ஒரே இடத்தில். சாவு நடந்த சில மணி நேரத்தில் தயாராகிவிடும் சான்று அது.

அதற்குள் மார்க் என்ட்ரி மூடியிருந்தது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் 60 என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு அசெஸ்மென்ட்டும் சேர்த்து 200, அதை 40-க்குச் சுருக்குகிறோம். அவனுக்கு முதல் அசெஸ்மென்ட்டில் 78, இரண்டாவதில் அசைன்மென்ட்டுக்கு மட்டும் 32. தவறவிட்ட டெஸ்ட்டில் தன் வழக்கம்போல் அறுபதுக்கு 45 வாங்கியிருந்தால் 155, அதாவது நாற்பதுக்கு 31. அது பூஜ்யமானதால் 110, நாற்பதுக்கு 22. செமஸ்டரில் நூற்றுக்கு 45 எடுத்தான், அறுபதுக்கு 27. மொத்தம் 49. ஐம்பது வேண்டும். ஒரு மார்க்கில் அரியர்.

சான்றிதழ் கேட்டது நான். ஆகவே இதை யார் தலையிலும் கட்டவில்லை.

செமஸ்டர் தேர்வு வேறு விஷயம். எல்லாக் கல்லூரிக்கும் ஒரே வினாத்தாள், ஒரே நாள். நீங்களோ நானோ தள்ளிப்போட முடியாது. வராவிட்டால் ஆப்சென்ட், அடுத்த முறைதான். அப்படியென்றால் அந்த இரவே சொல்லிவிடுங்கள். "பார்க்கலாம்" என்று ஒரு வார்த்தை எழுதினால், பையன் பஸ்ஸில் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பான்.

ஆனால் இன்டர்னல் நம் கையில்தான் இருக்கிறது. கேட்க வேண்டியவை மூன்றே: எந்தப் பாடம், யார் இறந்தது (அப்பத்தாவா, அம்மாச்சியா என்று தமிழிலேயே எழுதட்டும்), எப்போது திரும்புவாய். மூன்றாவதற்குப் பெரும்பாலும் பதில் மூன்று நாள்தான். முதல் நாள் அடக்கம் அல்லது தகனம். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும், அதற்கு ஆள் மாற்றி அனுப்ப முடியாது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ பால். அதன்பின் பஸ் ஏறிவிடலாம். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு நாள் லீவு தனியாகக் கேட்பான், கொடுங்கள். பதினாறு நாளும் ஊரிலேயே இருக்கிறேன் என்பவனிடம் அப்பா நம்பரை வாங்கிப் பேசுங்கள். பொய் சொல்கிறவர்களும் உண்டுதான். என் அனுபவத்தில், "எந்த ஊர், யார் கொள்ளி வைத்தது" என்று அக்கறையாகக் கேட்டாலே பொய் தடுமாறிவிடும்.

இப்போதெல்லாம் நான் அனுப்பும் பதில் இது: "செய்தி கேட்டு வருத்தமாக இருக்கிறது. டெஸ்ட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், போய் ஆக வேண்டியதைப் பார். வியாழக்கிழமை மாலை 4 மணிக்கு என் அறையில் வேறு வினாத்தாள் இருக்கும். அஞ்சலி போஸ்டரையோ காரியப் பத்திரிகையையோ போட்டோ எடுத்து வைத்துக்கொள். சான்றிதழ் கிடைக்கும்போது கொடுத்தால் போதும்." கிழமையை மட்டும் மாற்றுவேன்.

தேர்வுக் குழுவில் இருப்பவர்களிடம் ஒரு விண்ணப்பம். மறுதேர்வுப் படிவத்தில் "இறப்புச் சான்றிதழ் இணைக்கவும்" என்ற வரியை "21 நாட்களுக்குள் கொடுக்கவும்" என்று மாற்றுங்கள். அந்தத் தேதி வரை அந்த ஒரு மாணவருக்கு மட்டும் மார்க் என்ட்ரியைத் திறந்து வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு முன் இதை எழுத்திலும் கொடுக்கிறேன்.

அன்புடன்,
ஒரு உதவிப் பேராசிரியை