பெல்ட் வாங்கும் முன் நூலைப் பிடித்துப் பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். குடியாத்தம் பக்கத்து மாவு மில்காரர் ஒருவர் மூன்று மாதத்திற்கு ஒரு முறை எங்கள் கடைக்கு வந்து பெல்ட் வாங்கிப் போவார். பெல்ட் தரமில்லை என்று அவருக்கு வருத்தம். பழைய பெல்ட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. அடுத்த நாளே மில்லுக்குப் போனேன்.

10 குதிரைத்திறன் மோட்டார், மில்லோடு ஒரே இரும்புச் சட்டத்தில் இருந்தது. பெல்ட்டை இறுக்குவதற்காக மோட்டாரின் கால் போல்ட்டுகளுக்கு நீளத் துளை விட்டிருந்தார்கள். துளை நீளமாக இருப்பதால் மோட்டார் பின்னால் நகரும். கொஞ்சம் திரும்பவும் செய்யும். மோட்டாரைப் பின்னால் தள்ளும் இரண்டு ஸ்க்ரூவில், அவர் இறுக்கும்போதெல்லாம் புல்லி இல்லாத பக்கத்து ஸ்க்ரூவை மட்டும் திருப்பியிருக்கிறார், கை எட்டுவது அங்கேதான். புல்லிப் பக்கத்துக் கால்களோ பெல்ட்டின் இழுப்பில் மில்லை நோக்கிப் போய்விட்டன.

மெயின் சுவிட்சை அணைத்து ஃபியூஸைக் கழற்றிவிட்டு, கொத்தனார் நூலை மில் புல்லியின் வெளிமுகத்தில் ஒட்டிப் பிடித்து, மோட்டார் புல்லி வரை இழுத்தோம். பெரிய புல்லியின் இரண்டு விளிம்பிலும் நூல் தொட்டது. மோட்டார் புல்லியிலோ தூரத்து விளிம்பில் மட்டும் தொட்டது. மில்லை ஒட்டிய விளிம்பில் 2 மி.மீ. இடைவெளி. புல்லி 5 அங்குலம் என்பதால் இது ஏறத்தாழ ஒரு டிகிரி கோணல். வி-பெல்ட் அரை டிகிரிக்கு மேல் தாங்காது. (இரண்டு புல்லியின் விளிம்புத் தடிப்பும் வேறாக இருந்தால், அந்த வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும்.)

பெல்ட்டைத் தளர்த்தி, நான்கு போல்ட்டுகளையும் கையால் திருகும் அளவுக்கு விட்டு, புல்லிப் பக்கத்துக் கால்களை மட்டும் மில்லுக்கு எதிர்ப்பக்கமாகச் சுமார் 3 மி.மீ. தட்டினோம். முன்கால், பின்கால் இடைவெளி 18 செ.மீ. என்பதால் அவ்வளவு தேவைப்பட்டது. கோணல் போன பிறகு புல்லி முழுவதும் சீராக 1 மி.மீ. உள்ளடங்கி நின்றது. இதற்கு மோட்டாரைத் தொட வேண்டாம்: பூட்டு ஸ்க்ரூவைத் தளர்த்தி, புல்லியை ஷாஃப்டில் அந்த அளவு வெளியே நகர்த்தினால் போதும். முதலில் கோணல், பிறகுதான் இது. மாற்றிச் செய்தால் இரண்டாம் முறையும் நகர்த்த வேண்டிவரும்.

ஒரு கால் சட்டத்தில் உட்காமல் தூக்கி நின்றதையும் கவனித்தேன். அப்படியே போல்ட்டை இறுக்கினால் மோட்டார் மீண்டும் சாயும். அடியில் மெல்லிய தகடு வைத்தோம்.

கடைசியாக, இரண்டு ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றி, ஒரே அளவு சுற்று திருப்பிப் பெல்ட்டை இறுக்கினோம். இதைத்தான் உங்களிடம் அழுத்திச் சொல்கிறேன். போல்ட்டை முடுக்கிய பிறகு நூலை இன்னொரு முறை பிடியுங்கள். முடுக்கும்போதும் மோட்டார் நகரும். புது பெல்ட் இரண்டு நாள் ஓடியதும் தளரும், அப்போதும் இதே முறைதான்.

அடுத்த முறை வரும்போது தேய்ந்த பெல்ட்டையும் கையோடு கொண்டுவாருங்கள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்,
வேலூர்