வாயில் அகலமானால் மட்டும் லாரி நகர்ந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்திய - வங்கதேச எல்லையில் பெட்ராபோலில் 2024 அக்டோபரில் திறக்கப்பட்ட இரண்டாவது சரக்கு வாயிலைப் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். இனி அங்கே நெரிசல் தீர்ந்துவிடும் என்ற தொனியில் அது முடிந்திருந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சுங்க முகவர் அலுவலகத்தில் இருந்து ஏற்றுமதிச் சரக்குகளை எல்லை தாண்டி அனுப்பியவன் என்ற முறையில் என்னால் அதை ஏற்க முடியவில்லை. வாயிலைக் கடக்க ஒரு லாரிக்குச் சில நிமிடங்களே ஆகின்றன. அதற்கு முன்னும் பின்னும்தான் நாட்கள் போகின்றன.

உலக வங்கி 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியப் பக்கத்துப் பெட்ராபோலுக்கும் வங்கதேசப் பக்கத்துப் பெனாபோலுக்கும் இடையே எல்லையைச் சரக்கு தாண்ட 138 மணி நேரம் ஆகிறது. இதில் இந்திய லாரியிலிருந்து வங்கதேச லாரிக்குச் சரக்கை மாற்றுவதற்கு 28 மணி நேரம். கிழக்கு ஆப்பிரிக்கா உள்ளிட்ட வேறு பகுதிகளில் இதே அளவு போக்குவரத்து உள்ள எல்லைகளில் மொத்தமே ஆறு மணி நேரத்துக்குள் வேலை முடிகிறது. மீதி 110 மணி நேரம் எங்கே போகிறது என்று யாராவது கேட்டிருக்கிறார்களா?

சில ஆண்டுகளுக்கு முன் நான் வங்கதேசத்துக்கு அனுப்பிய ஒரு சரக்கைச் சொல்கிறேன். துணிக்குச் சாயமேற்றும் இயந்திரத்தின் பாகங்கள், பதினான்கு மரப்பெட்டிகள், ஒரே லாரி. செவ்வாய்க்கிழமை காலை லாரி எல்லை ஊரை அடைந்தது. ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் அங்கே விசா கிடையாது. 'கார் பாஸ்' என்ற தற்காலிக அனுமதிச் சீட்டு மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கத் தரைவழித் துறைமுக வளாகம் வரை போகலாம், அதற்கு மேல் ஓர் அடியும் எடுத்து வைக்க முடியாது. ஓட்டுநர் நம் ஊர்க்காரர். அவருடைய உரிமத்தில் பெயருக்கு முன் ஓர் எழுத்து மட்டும் இருந்தது. பாஸுக்கு விண்ணப்பம் எழுதியவரோ அந்த எழுத்தைத் தந்தை பெயராக விரித்து, குடும்பப் பெயர் போலப் பின்னால் போட்டுவிட்டார். சரிபார்த்த அதிகாரிக்கு இரண்டும் வேறு வேறு ஆட்களாகத் தெரிந்தன. முதலெழுத்து வைத்துப் பெயர் எழுதும் நமக்கு இது சாதாரணம். அங்கே அது ஒரு நாள் தாமதம். பாஸ் திருத்தி வாங்கப் புதன்கிழமை மாலை ஆகிவிட்டது.

எங்கள் பக்கத்துச் சுங்கச் சோதனையும் ஏற்றுமதி அனுமதியும் முடிந்து, வியாழக்கிழமை மாலை லாரி எல்லைக்கோட்டைத் தாண்டியது. எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். அங்கேதான் தவறு செய்தோம். எதிர்ப்பக்கத்தில் இறக்குமதியாளரின் முகவர், இறக்குமதிக்கான சுங்க அறிவிப்புப் படிவமான 'பில் ஆஃப் என்ட்ரி'யை இன்னும் பதிவு செய்யவே இல்லை. அதைப் பதிவு செய்து, வரி மதிப்பிட்டு, பணம் கட்டிய பிறகுதான் சரக்கு விடுவிக்கப்படும். மறுநாள் வெள்ளி. வங்கதேசத்தில் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை, நமக்கு ஞாயிறு. வாரத்தில் மூன்று நாட்கள் ஏதாவது ஒரு பக்கத்தில் மேசை காலியாக இருந்தது. எங்கள் லாரி அந்த மூன்று நாட்களின் வாசலில் போய் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை அங்கே வரி கட்டினார்கள். திங்கள்கிழமை சரக்கு மாற்றம். அந்நாட்டு லாரி வந்து எங்கள் லாரியோடு ஒட்டி நின்றால், சுமைத் தொழிலாளர்கள் பெட்டிகளை நேராக மாற்றிவிடுவார்கள். பதினொரு பெட்டிகள் மாறின. மீதி மூன்றும் கிரேன் இல்லாமல் அசையாதவை. கிரேன் வேறொரு வேலையில் இருந்தது. காத்திருந்த லாரிக்காரர், பாதி பாரத்துடன் இன்னொரு நாள் காத்துக் கிடக்க முடியாது என்று சொல்லி, ஏற்றியதையும் கிடங்கில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, நிற்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கும் நட்டம்தான். செவ்வாய்க்கிழமை இன்னொரு லாரி, கிரேன், மறுபடியும் ஏற்றம். எங்கள் லாரி காலியாகத் திரும்பியபோது சரியாக ஒரு வாரம் ஆகியிருந்தது. பதினான்கு பெட்டிகளையும் தூக்கி வைத்த நேரத்தை மட்டும் கூட்டினால் நான்கு மணி நேரத்துக்கு மேல் வராது.

அந்த நாட்களில் ஓட்டுநர் லாரியின் முன்னறையிலேயே தூங்கினார். வளாகத்தை விட்டு வெளியே போக பாஸ் அனுமதிக்காது. சரக்கை விட்டுவிட்டுத் திரும்பி வரவும் முடியாது. காத்திருப்புக் கட்டணத்தைப் பற்றி ஏற்றுமதியாளரும் நாங்களும் வாரக்கணக்கில் வாதாடினோம். ஓட்டுநருடைய அந்த இரவுகளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

இந்தத் தாமதத்தின் வேர், லாரி எல்லையோடு நின்றுவிட வேண்டும் என்ற விதி. நேபாளத்தைப் பாருங்கள். இந்தியப் பதிவெண் கொண்ட சரக்கு லாரி, எல்லையில் சுங்க அனுமதி பெற்றுக் காட்மாண்டு வரை போகிறது. ஓட்டுநருக்கு விசா தேவையில்லை. அங்கும் வரிசை உண்டு, தாமதம் உண்டு. ஆனால் பெட்டியை இறக்கி ஏற்றும் வேலை இல்லை, இன்னொரு லாரி வந்ததா என்ற பதைபதைப்பும் இல்லை. வங்கதேசம், பூடான், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கு நாடுகளுக்கும் இப்படியொரு வழி வேண்டும் என்றுதான் 2015 ஜூன் 15 அன்று திம்புவில் மோட்டார் வாகன உடன்பாடு கையெழுத்தானது. அதே ஆண்டு நவம்பரில் கொல்கத்தாவிலிருந்து டாக்கா வழியாக அகர்தலாவுக்கு ஒரு லாரி வெள்ளோட்டமும் போயிற்று. பிறகு பூடான் நாடாளுமன்ற மேலவை ஒப்புதல் தரவில்லை; தன்னை விட்டுவிட்டு மற்ற மூவரும் தொடரலாம் என்று அந்நாடு சொல்லிவிட்டது. கையெழுத்திட்டால் மட்டும் லாரி ஓடாது. வாகன அனுமதிச் சீட்டை யார் தருவது, ஒரு நாட்டின் காப்பீடு மறுநாட்டில் விபத்து நடந்தால் செல்லுமா, ஓட்டுநர் எத்தனை நாள் தங்கலாம், முத்திரையிட்ட சரக்கு வழியில் காணாமல் போனால் வரிக்கு யார் பொறுப்பு? இவற்றுக்கெல்லாம் விடை சொல்ல வேண்டிய சரக்குப் போக்குவரத்து விதிமுறைகள்தான் இழுத்துக்கொண்டே போயின.

பெரிய உடன்பாடு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எதிர்ப்பக்க 'பில் ஆஃப் என்ட்ரி' எண் கையில் வராமல் எந்த லாரியையும் எல்லைக்கோட்டைத் தாண்ட அனுப்பாதீர்கள் என்று ஏற்றுமதியாளர்களுக்குச் சொல்கிறேன். அந்த ஓர் எண்ணைக் கேட்டிருந்தால் எங்கள் லாரி இந்தப் பக்கத்திலேயே நின்றிருக்கும், ஓட்டுநர் ஊருக்குள் போய்க் குளித்துச் சாப்பிட்டிருப்பார். ஓட்டுநரின் பெயரை உரிமத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். விரிக்கவும் வேண்டாம், சுருக்கவும் வேண்டாம். கனமான பெட்டிகளின் எடையைத் தனித்தனியாகக் குறிப்பிட்டு, கிரேனை முதல் நாளே கேட்டு வையுங்கள்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எல்லைச் சாவடியைப் பற்றி எழுதும்போது, ஒரு நாளில் எத்தனை லாரிகள் வாயிலைக் கடந்தன என்ற எண்ணோடு நிறுத்தாமல், கடந்த லாரி சரக்கை இறக்கிக் காலியாகத் திரும்ப எத்தனை மணி நேரம் ஆனது என்றும் கேட்டு வெளியிடுங்கள். அதிகாரிகளிடம் அந்தக் கேள்வியை நாங்கள் கேட்டால் பதில் வருவதில்லை, பத்திரிகை கேட்டால் வரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுங்க முகவர் அலுவலகப் பணியாளர் ஒருவர்