சாமான் சரிபார்ப்புக்கு வந்து உதவியவர்களுக்கு

அம்பாள் துணை

வைகாசிச் சடங்கு முடிந்து குளிர்த்தியும் ஆடிய பிறகு, நடை சாத்துவதற்கு முன்னர் கோயில் சாமான்களை எண்ணிக் கையொப்பம் வைப்பது எங்கள் வழக்கம். எழுவான்கரையில் பல கோயில்களிலும் இதுதான் நடைமுறை. அரை நாளில் முடியுமென்று நினைத்த வேலை இம்முறை இரண்டு நாள் இழுத்தது. அந்த இரண்டு நாளும் கூட இருந்தவர்களுக்காக இந்த மடல்.

முதலில் பாத்திரம் துலக்கிய அக்காமார். புளியும் சாம்பலும் போட்டு விடிய ஐந்து மணிக்கே தொடங்கிவிட்டார்கள். குத்துவிளக்கு ஆறும் சரிதான் என்று நான் புத்தகத்தில் சரி போடப் போனேன். ஒரு அக்கா என் கையைத் தடுத்து, "தம்பி, இந்தத் தண்டு அந்த அடிக்குப் பொருந்தாது பாருங்க" என்றார். பார்த்தால், சடங்குக்குப் பிறகு கழற்றிக் கழுவிய பிள்ளைகள் இரண்டு சோடியின் தண்டுகளை மாற்றிப் பூட்டியிருந்தார்கள். புரி சரியாக இறங்காமல் விளக்கு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. எண்ணிக்கை சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதை எனக்குக் காட்டிய அந்த அக்காவுக்கு முதல் நன்றி. இப்போது அடியிலும் தண்டிலும் ஒரே இலக்கம் வெட்டியிருக்கிறோம்.

பாய்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெயிலில் விரித்து எண்ணினோம். ஐந்து பன்பாய் எலி கடித்துப் போயிருந்தது. படுவான்கரையிலிருந்து ஒரு மாமி தானே இழைத்த ஐந்தைக் கொண்டுவந்து போட்டார். காசு வாங்கவில்லை.

எங்களைத் திணறவைத்தது அம்மனின் அட்டியல். புத்தகத்தில் 26 கிராம், அதாவது மூன்றேகால் பவுண். தராசில் 24.6தான் காட்டியது. மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஒருவர் மட்டும், யாரிடம் திறப்பு இருந்தது என்று கேட்டார். அந்தக் கேள்வி யாரை நோக்கியது என்று எல்லோருக்கும் விளங்கியது. எனக்கும்தான், திறப்பில் ஒன்று என்னிடம் இருந்தது.

பத்தர் ஐயா அவசரப்படவில்லை. மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். காற்றிலும் தராசு ஆடுமாம். தன் பையிலிருந்த 20 கிராம் படியை வைத்துப் பார்த்தார், சரியாகக் காட்டியது. அப்படியென்றால் தராசில் பிழையில்லை. பிறகு முகப்பைத் திருப்பிக் காட்டினார். பின்தகட்டில் மயிரிழை அளவு வெடிப்பு. உள்ளே கூடாக இருக்கும் நகை நசியாமல் இருக்க அரக்கு நிரப்புவார்கள். அது காய்ந்து பொடியாகி அந்த வெடிப்பால் உதிர்ந்திருக்கிறது. நகைப் பெட்டியின் துணியை உதறியபோது செம்மண் போல ஒரு பொடி கொட்டியது. நிறுத்தால் 0.9 கிராம். உரைகல்லில் உரசியும் பார்த்தார், பொன் மாறவில்லை.

மிச்சம் 0.5 கிராம் என்ன ஆனது? இதைக் கண்டுபிடித்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் பெரியப்பா. இப்போதைய புத்தகம், 1978 சூறாவளியில் நனைந்த பழைய புத்தகத்தைப் பார்த்துப் பிரதி எடுத்தது. அந்தப் பழையது இன்னும் பெட்டகத்தின் அடியில் துணி சுற்றிக் கிடந்தது. மை பரவிய அந்தப் பக்கத்தில் அட்டியலின் நேரே, ஓரத்தில் சின்ன எழுத்தில் "நூல், குஞ்சம் உட்பட" என்றிருந்ததைப் பூதக்கண்ணாடி வைத்து வாசித்துக் காட்டினார். பிரதி எடுத்தவர் ஓரத்தை விட்டுவிட்டார். பழுதான நூலையும் குஞ்சத்தையும் போன வருடம் நாங்களே கழற்றி ஒரு கடதாசியில் மடித்து வைத்திருந்தோம். அதை நிறுத்தோம். 0.5.

புதிய பதிவில் தங்கத்தின் நிறை என்று எழுதவில்லை. உள்ளிருக்கும் அரக்கும் கல்லும் எவ்வளவு என்பது நகையை உருக்கினால்தான் தெரியும் என்று பத்தர் ஐயா சொன்னதால், "மொத்த நிறை 24.6 கிராம், கல்லும் மீதி அரக்கும் உட்பட, நூல் இல்லாமல், முகப்பின் பின்புறம் வெடிப்பு" என்று எழுதினோம். பழைய 26ஐ அழிக்காமல் ஒரு கோடு மட்டும் போட்டு, பக்கத்தில் வண்ணக்கர் ஐயாவும் ஒவ்வொரு குடியின் பிரதிநிதியும் கையொப்பம் வைத்தார்கள். திறப்பைப் பற்றிக் கேட்டவர்தான் பேனையை முதலில் கையில் எடுத்தார். அவருக்கும் என் நன்றி. அவர் கேட்டிராவிட்டால் துணியை உதறியிருக்க மாட்டோம்.

கலியாணத்துக்குக் கொண்டுபோன பெரிய கிடாரத்தைச் செய்தி கேட்டவுடன் லாண்ட்மாஸ்டரில் ஏற்றி வந்து இறக்கிய மருமகனுக்கும், இரண்டு நாளும் தேத்தண்ணி தந்த வீட்டாருக்கும் நன்றி.

வெற்றிலை வட்டா ஒன்று இன்னும் வரவில்லை. அடியில் "அ" என்று வெட்டியிருக்கும். யார் வீட்டிலாவது இருந்தால், நடை சாத்தமுதல் கொண்டுவந்து தாருங்கள். அந்த ஒரு வரி மட்டும் கையொப்பமில்லாமல் நிற்கிறது.

செயலாளர்,
நிர்வாக சபை சார்பில்